எடைக்கல் அதேதான், ஊசல் மட்டும் புதிது: கடிகாரம் எப்படித் துல்லியமானது?

கேள்வி: பழைய கோபுரக் கடிகாரங்களும் எடைக்கல் இழுத்துத்தான் ஓடின, ஊசல் கடிகாரங்களும் எடைக்கல் இழுத்துத்தான் ஓடின. அப்படியானால் ஊசலைச் சேர்த்ததும் நாளுக்குக் கால்மணி நேரப் பிழை சில விநாடிகளாகக் குறைந்தது எப்படி?

பழைய கடிகாரத்தில் எடைக்கல் இரண்டு வேலைகளைச் செய்தது. சக்கரங்களைச் சுழற்றியதும் அதுதான், அவை எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானித்ததும் பெரும்பாலும் அதுதான். ஊசல் வந்த பிறகு இந்த இரண்டாவது வேலை எடைக்கல்லின் கையை விட்டுப் போய், புவியீர்ப்பிடமும் ஊசலின் நீளத்திடமும் சேர்ந்தது. எடைக்கல்லின் இழுப்பு பல்சக்கரங்கள் வழியாக வந்து சேரும்போது கூடலாம், குறையலாம். ஆனால் ஊசலின் நீளமோ, ஓர் இடத்தின் ஈர்ப்போ மணிக்கு மணி மாறுவதில்லை. விடையின் சாரம் இவ்வளவுதான் என்றாலும், அந்த மாற்றம் ஒரே நாளில் முழுமையாக நடந்துவிடவில்லை. எடைக்கல்லின் செல்வாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றக் கிட்டத்தட்ட 250 ஆண்டுகள் பிடித்தன.

முதலில் பழைய இயந்திரத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவின் தேவாலயக் கோபுரங்களில் இருந்த கடிகாரங்களில், கடைசிச் சக்கரம் கிரீடம்போல் பற்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரம். அதன் குறுக்கே, செங்குத்தாக ஒரு மெல்லிய தண்டு நிற்கும். இதற்கு வெர்ஜ் என்று பெயர். தண்டில் இரண்டு சிறிய தகடுகள் உண்டு, ஒன்று சக்கரத்தின் மேல்விளிம்புக்கு எதிரே, மற்றொன்று கீழ்விளிம்புக்கு எதிரே, ஏறத்தாழச் செங்கோணத்தில் விலகி நிற்கும்படி. தண்டின் உச்சியில் ஒரு கிடைக்கம்பி இருக்கும்; அதன் இரு முனைகளிலும் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டி, அவற்றில் சிறிய எடைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தக் கம்பிக்குத்தான் ஃபோலியட் என்று பெயர்.

எடைக்கல் இழுக்கும்போது கிரீடச் சக்கரத்தின் ஒரு பல் மேல்தகட்டைத் தள்ளுகிறது, ஃபோலியட் ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்குகிறது. சற்று நேரத்தில் அந்தப் பல் தகட்டை விட்டு நழுவ, சக்கரம் ஒரு துள்ளு துள்ளுகிறது. உடனே எதிர்விளிம்பில் உள்ள பல் கீழ்த்தகட்டில் வந்து முட்டுகிறது. ஆனால் ஃபோலியட் கனமானது. திரும்பிய வேகத்தில் அது உடனே நின்றுவிடாது. முட்டிய பல்லையே அது பின்னுக்குத் தள்ளும். அந்தக் கணத்தில் சக்கரத்தொடர் முழுவதும், கீழே தொங்கும் எடைக்கல் உட்பட, ஒரு மயிரிழை பின்னோக்கிப் போகும். பிறகு எடைக்கல் வென்று, ஃபோலியட்டை நிறுத்தி, எதிர்த்திசையில் தள்ளத் தொடங்கும். இப்படியே மாறி மாறி நடக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஃபோலியட்டுக்கென்று ஒரு சொந்தத் தாளம் இல்லை என்பது. எடைக்கல்லைக் கழற்றிவிட்டு அதைக் கையால் திருப்பிவிட்டால், அது திரும்பி வராது. உராய்வு நிறுத்தும் இடத்தில் நின்றுவிடும். அதை நிறுத்துவதும் திருப்புவதும் முழுக்க முழுக்கக் கிரீடச் சக்கரத்தின் தள்ளல்தான். ஒரு பொருளை ஒரே சீரான விசை குறிப்பிட்ட தூரத்துக்குத் தள்ள எடுக்கும் நேரம், அந்த விசையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். ஆகவே விசை இரண்டு மடங்கானால் ஃபோலியட் ஏறத்தாழ 1.4 மடங்கு வேகமாக அடிக்கும். விசை ஒரு சதவீதம் கூடினால் கடிகாரம் அரை சதவீதம் வேகமாக ஓடும். ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் அரை சதவீதம் 432 விநாடிகள், அதாவது ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இந்த ஒரு சதவீதம், 432 விநாடிகள் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே ஒரு சதவீதத்தை மற்ற கடிகாரங்களுக்கும் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

எடைக்கல்லின் எடை மாறாதே, பிறகு விசை எப்படி மாறும் என்று கேட்கலாம். எடை மாறாது, ஆனால் அது கிரீடச் சக்கரத்துக்கு வந்து சேரும் வழியில் எத்தனையோ இடங்களில் உராய்வுக்கு வரி கட்ட வேண்டியிருக்கிறது. கொல்லர்கள் இரும்பை அடித்து, பற்களை அரத்தால் ராவிச் செய்த சக்கரங்கள் அவை. ஒரு பல் நன்றாகக் கடிக்கும், அடுத்தது சற்றே தேய்த்துக்கொண்டு போகும். மசகாக இட்ட கொழுப்பும் எண்ணெயும் குளிர்காலத்தில் இறுகும், நாளானால் தூசியோடு சேர்ந்து பசையாகும். எடைக்கல் இறங்க இறங்க அவிழும் கயிற்றின் எடையும் சேர்ந்து இழுக்கும். இத்தனைக்கும் நடுவில், நாளுக்குக் கால்மணி நேரப் பிழைக்குள் அந்தக் கடிகாரங்கள் ஓடின என்றால், சராசரியாக விசை இரண்டு சதவீதத்துக்குள் நின்றது என்று பொருள். என்னைக் கேட்டால் அந்தக் கொல்லர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. அவர்கள் கையில் இருந்த அமைப்பில் அதற்கு மேல் பிழிந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஃபோலியட்டின் சிறு எடைகளை ஒரு பள்ளம் வெளியே தள்ளி மெதுவாக்குவார், ஒரு பள்ளம் உள்ளே இழுத்து வேகமாக்குவார், சூரியக் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்துவார். அந்தக் காலத்துக் கடிகார முகப்புகளில் பெரும்பாலும் மணிமுள் ஒன்று மட்டுமே இருந்ததில் வியப்பில்லை.

இனி ஊசல். கலிலியோ 1602லேயே ஊசலின் அலைவு நேரம் வீச்சின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். பார்வை இழந்த பிறகு, 1641இல், ஊசலால் கட்டுப்படுத்தப்படும் ஒரு கடிகாரத்தைத் தம் மகனுக்கு விவரித்தார். அது வேலை செய்யும் கடிகாரமாக நிறைவேறவில்லை. நிறைவேற்றியவர் ஹாலந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1656 டிசம்பரில் அவர் அமைப்பை வகுத்தார். தி ஹேக் நகரத்துக் கடிகாரக் கைவினைஞர் சாலமன் காஸ்டர் அதைச் செய்து விற்கும் உரிமையை 1657 ஜூனில் பெற்றார்.

ஊசலைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவருவது சக்கரமல்ல, புவியீர்ப்பு. குண்டு எவ்வளவு கனமோ அவ்வளவு அதிகமாக ஈர்ப்பு அதை இழுக்கும். ஆனால் அதே அளவுக்கு அதை நகர்த்துவதும் கடினம். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் குண்டின் எடை கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. சிறிய வீச்சுக்கு மிஞ்சுவது இதுதான்:

`T = 2π√(L/g)`

அலைவு நேரமான `T`-ஐத் தீர்மானிக்க, ஊசலின் நீளமான `L`, ஈர்ப்பான `g` இரண்டு மட்டுமே இருக்கின்றன. இந்தச் சூத்திரத்தில் எடைக்கல் இல்லை, உராய்வு இல்லை, எண்ணெய் இல்லை. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை ஓங்கித் தள்ளினால் ஊஞ்சல் உயரமாகப் போகுமே தவிர, போய்வரும் நேரம் சொல்லும்படியாக மாறாது. ஃபோலியட்டுக்கு இந்தக் குணம் அறவே இல்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் எடைக்கல் எதற்கு? காற்றின் தடையாலும் தொங்கும் இடத்தின் வளைவாலும் ஊசல் ஒவ்வோர் அலைவிலும் இழக்கும் சிறு ஆற்றலை ஈடுகட்டவும், முட்களை நகர்த்தவும் மட்டுமே. அது எவ்வளவு சிறியது என்பதை ஒரு சாதாரண ஆளுயரக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடலாம். ஐந்தரைக் கிலோ எடைக்கல் எட்டு நாளில் ஒன்றரை மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கிடைப்பது சுமார் 80 ஜூல். எட்டு நாளுக்கு ஏறத்தாழ 6,91,000 விநாடிகள். ஒவ்வொரு விநாடித் தட்டலுக்கும் வருவது ஒரு ஜூலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மறுபக்கம், ஒரு மீட்டர் நீள ஊசலில் ஒரு கிலோ குண்டு நடுவிலிருந்து இரண்டு பாகை விலகினால் வெறும் 0.6 மில்லிமீட்டர்தான் உயர்கிறது. அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஆயிரத்தில் ஆறு ஜூல். சக்கரங்களின் உராய்வைக் கழிக்காமல் பார்த்தாலும், ஒரு தட்டலில் எடைக்கல் கொடுப்பது ஊசலிடம் ஏற்கெனவே இருப்பதில் இரண்டு சதவீதம்தான். ஃபோலியட்டில் நூற்றுக்கு நூறு சக்கரத்தின் ஆட்சி. இங்கே அது நூற்றில் இரண்டு பங்குக்கு மட்டும் கை நீட்ட முடிகிறது.

ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்த விதத்திலும் ஹைகன்ஸின் நுட்பம் இருக்கிறது. சக்கரத்தைப் பல் பல்லாகப் பிடித்து விடும் அமைப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர்; ஊசலை அவர் அதன் தண்டில் நேரடியாக மாட்டவில்லை. கனமான குண்டை அந்தத் தண்டு சுமந்தால் அதன் முனைகளில் உராய்வு கூடிவிடும். ஆகவே ஊசலைக் கடிகாரத்தின் சட்டத்திலிருந்து தனியே ஒரு நூலில் தொங்கவிட்டு, எஸ்கேப்மென்ட் தண்டிலிருந்து கீழே நீளும் ஒரு கவைக்கம்பி மட்டும் ஊசல் கோலை இருபுறமும் தொட்டுக்கொண்டிருக்கும்படி செய்தார். தள்ளல் ஊசலுக்குப் போவதும், ஊசலின் தாளம் சக்கரத்துக்கு வருவதும் அந்தக் கவை வழியாகத்தான். இன்றும் ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் இந்தக் கவையைக் காணலாம். நூலுக்குப் பதிலாக மெல்லிய எஃகுத் தகடு இருக்கும்.

துல்லியம் ஊசலால்தான் வந்தது, உந்துவிசையின் மேம்பாட்டால் அல்ல என்பதற்கு ஒரு நல்ல சான்று காஸ்டரின் கடிகாரங்களிலேயே இருக்கிறது. அவர் செய்த மேசை, சுவர்க் கடிகாரங்கள் எடைக்கல்லால் ஓடியவை அல்ல, சுருள்வில்லால் ஓடியவை. சுருள்வில்லின் விசை எடைக்கல்லை விட மோசமானது. சாவி கொடுத்த புதிதில் பலமாகவும், அவிழ அவிழ நலிந்தும் போகும். அதனால்தான் ஊசலுக்கு முந்தைய சுருள்வில் கடிகாரங்களில் இழுப்பைச் சமன்செய்யக் கூம்பு வடிவ உருளை ஒன்றை வைக்க வேண்டியிருந்தது. காஸ்டர் அந்த உருளையை விட்டுவிட்டார். சீரற்ற விசை, சமன்செய்ய ஒன்றுமில்லை. இருந்தும் அந்தக் கடிகாரங்கள் நாளுக்கு ஒரு நிமிட அளவுக்குள் நேரம் காட்டின. உந்துவிசை மோசமாகி, துல்லியம் பல மடங்கு கூடியது என்றால் காரணம் வேறெங்கும் இருக்க முடியாது. பழைய கோபுரக் கடிகாரங்களிலும் இதே பாடம்தான். இங்கிலாந்தில் சாலிஸ்பரி பேராலயத்தில் 1386 அளவில் செய்யப்பட்ட கடிகாரத்தின் எடைக்கல்லையும் சக்கரங்களையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபோலியட்டை எடுத்துவிட்டு ஊசலை மாட்டினார்கள். 1956இல் வரலாற்றுக்காக அதை மறுபடி ஃபோலியட்டுக்கு மாற்றிவைத்தார்கள்.

ஆனால் ஹைகன்ஸின் முதல் கடிகாரங்களில் எடைக்கல்லுக்கு இன்னும் ஒரு பின்வாசல் திறந்திருந்தது. கலிலியோ நினைத்ததுபோல் ஊசலின் அலைவு நேரம் வீச்சைப் பொறுத்து அறவே மாறாமலிருப்பதில்லை. வட்ட வில்லில் அலையும் ஊசல், வீச்சு கூடக் கூடச் சற்றே அதிக நேரம் எடுக்கும். சிறிய வீச்சோடு ஒப்பிடும்போது ஒரு நாளில் அது எத்தனை விநாடி பின்தங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: நடுவிலிருந்து ஒரு பக்கம் போகும் கோணத்தைப் பாகையில் எடுத்து, அதை வர்க்கித்து, 1.65ஆல் பெருக்கினால் போதும். இரண்டு பாகைக்கு ஆறரை விநாடி. இருபது பாகைக்கு 660 விநாடி, அதாவது பதினோரு நிமிடம்.

பின்தங்குவதே பெரிய சிக்கல் அல்ல; நாள்தோறும் ஒரே அளவு பின்தங்கினால் ஊசலைச் சற்றுக் குட்டையாக்கிச் சரிசெய்துவிடலாம். சிக்கல், உந்துவிசை மாறும்போது வீச்சு மாறுகிறது, வீச்சு மாறும்போது நேரம் மாறுகிறது என்பது. ஹைகன்ஸ் பழைய வெர்ஜ் எஸ்கேப்மென்ட்டையே வைத்துக்கொண்டார். அந்தத் தகடுகள் பல்லை விடுவிக்கவே தண்டு அகலமாகத் திரும்ப வேண்டும் என்பதால் ஊசலும் அகலமாகவே வீசியது. நம் ஒரு சதவீதத்தை இங்கே போட்டுப் பார்ப்போம். உந்துவிசை ஒரு சதவீதம் கூடினால் ஊசலின் ஆற்றலும், ஆகவே வீச்சின் வர்க்கமும், தோராயமாக ஒரு சதவீதம் கூடும். இருபது பாகையில் 660 விநாடிக்கு ஒரு சதவீதம் ஆறரை விநாடி. ஃபோலியட்டின் 432 எங்கே, இந்த ஆறரை எங்கே! ஆயினும் ஹைகன்ஸுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

அவர் செய்தது கணித அழகு நிறைந்த ஒரு வேலை. ஊசலின் நூலுக்கு இருபுறமும் வளைந்த உலோகக் கன்னங்கள் இரண்டை வைத்தார். வீச்சு அகலும்போது நூலின் மேல்பகுதி அந்தக் கன்னத்தின் மேல் படிந்து, ஊசலின் நீளம் சிறிது குறையும்; அகலத்தால் வரும் தாமதத்தை நீளக் குறைவு ஈடுகட்டும். கன்னங்கள் சைக்ளாய்ட் என்னும் வளைவில் இருந்தால், குண்டும் சைக்ளாய்ட் பாதையில் போகும், எந்த வீச்சிலும் அலைவு நேரம் ஒன்றே என்று 1659இல் நிறுவினார். 1673இல் பாரிசில் வெளியிட்ட பெருநூலில் முழு நிரூபணமும் இருக்கிறது. கணிதத்துக்கு இது பெரிய கொடை. கடிகாரத்துக்கு அவ்வளவு பயன்படவில்லை என்பதுதான் என் கணிப்பு. நூல் ஈரத்தில் நீளும், கன்னத்தின் வடிவம் சிறிது பிசகினாலும் ஈடுகட்டுவதற்குப் பதிலாகப் புதிய பிழையைச் சேர்க்கும்.

பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த வழி இதைவிட எளிமையானது: வீச்சையே சிறிதாக்கிவிடுவது. 1670 அளவில் லண்டனில் நங்கூர எஸ்கேப்மென்ட் வந்தது. வில்லியம் கிளெமென்ட், ராபர்ட் ஹூக் என்று இருவர் பெயரும் அதோடு பேசப்படுகின்றன. நங்கூரம்போல் வளைந்த ஒரு துண்டின் இரண்டு முனைகளும் ஒரே தளத்தில் சுழலும் சக்கரத்தின் பற்களை மாறி மாறிப் பிடித்து விடும். சில பாகை அசைந்தாலே ஒரு பல் கழன்றுவிடும். வீச்சு சிறிதானதால் நீண்ட, கனமான ஊசலைக் குறுகிய பெட்டிக்குள் வைக்க முடிந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும், ஏறத்தாழ 99 சென்டிமீட்டர் நீள ஊசல் அப்போதுதான் வழக்கமானது. ஆளுயரக் கடிகாரத்தின் உருவம் அந்த நீளத்தால் அமைந்ததுதான். நிமிடமுள் வழக்கமானதும், விநாடிமுள் பொருளுள்ளதானதும் இந்தத் தலைமுறையில்.

இப்போது இரண்டு பாகை வீச்சுக்கு அதே ஒரு சதவீதக் கணக்கு: ஆறரை விநாடியில் நூற்றில் ஒரு பங்கு, நாளுக்கு 0.07 விநாடி. அதாவது, எடைக்கல்லின் இழுப்பில் அதே அளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும், வீச்சின் வழியாக வரும் பிழை ஃபோலியட்டில் இருந்ததில் ஆறாயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது.

பின்வாசல் அடைபட்டது, ஆனால் ஒரு சாளரம் மிச்சமிருந்தது. நங்கூர எஸ்கேப்மென்ட் உள்ள கடிகாரத்தின் விநாடிமுள்ளைக் கூர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு தட்டலிலும் அது முன்னே ஒரு துள்ளு துள்ளிவிட்டு, கொஞ்சம் பின்னே நடுங்கும். ஃபோலியட்டில் கண்ட அதே பின்தள்ளல்தான் இது. பல் நங்கூரத்தில் விழுந்த பிறகும் ஊசல் இன்னும் சிறிது தூரம் போகிறது. போகும்போது சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சக்கரமோ திருப்பித் தள்ளுகிறது. வீச்சின் எல்லையில் ஊசலை நடுவுக்கு இழுக்கும் ஈர்ப்போடு சக்கரத்தின் தள்ளலும் சேர்ந்துகொள்வதால், ஊசல் தன் இயல்பான நேரத்தை விடச் சற்று முன்னதாகவே திரும்பிவிடுகிறது. உந்துவிசை கூடினால் இந்த அவசரமும் கூடும். வீட்டில் சுருள்வில் சுவர்க் கடிகாரம் வைத்திருப்பவர்கள், சாவி கொடுத்த முதல் நாளிலும் வாரக் கடைசியிலும் அது ஒரே வேகத்தில் ஓடாததைக் கவனித்திருக்கலாம். அதில் இதற்கும் பங்கு உண்டு.

லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் 1715 அளவில் செம்மைப்படுத்திய எஸ்கேப்மென்ட் இதைத் தீர்த்தது. நங்கூரத்தின் பிடிக்கும் பரப்பை, நங்கூரம் அசையும் அச்சையே மையமாகக் கொண்ட வட்ட வில்லாகத் தேய்த்து அமைத்தார்கள். அந்தப் பரப்பில் பல் அமர்ந்திருக்கும்போது ஊசல் எவ்வளவு தூரம் போனாலும் பல் முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. சும்மா உரசிக்கொண்டு நிற்கும். ஊசல் நடுப்பகுதியைக் கடக்கும்போது மட்டும், முனையில் உள்ள சிறு சாய்தளத்தின் வழியாகப் பல் ஒரு தள்ளல் கொடுக்கும். இடம் முக்கியம். நடுவில், ஊசல் அதிவேகமாகப் போகும் இடத்தில் கொடுக்கும் தள்ளல் வீச்சைக் கூட்டுமே தவிர நேரத்தை ஏறத்தாழத் தொடாது. ஓரத்தில் கொடுக்கும் தள்ளல்தான் நேரத்தைக் கெடுக்கும். இந்தக் கடிகாரத்தில் விநாடிமுள் ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குப் போய், நடுங்காமல் அப்படியே நிற்கும். ஒரு கடிகாரத்தில் எந்த எஸ்கேப்மென்ட் இருக்கிறது என்று திறக்காமலே அறிய இதுவே வழி.

எடைக்கல் இவ்வளவு தூரம் விலக்கப்பட்ட பிறகுதான், அதுவரை அதன் இரைச்சலில் மறைந்திருந்த மற்றப் பிழைகள் தெரிய ஆரம்பித்தன. சூத்திரத்தில் எஞ்சியவை இரண்டுதான், `L`, `g`; பிழைகளும் அந்த இரண்டின் வழியாகவே வந்தன.

நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் விநாடி ஊசல் நாளுக்கு 43 விநாடி தவறும். குண்டின் அடியில் இருக்கும் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் கடிகாரம் எவ்வளவு மாறும் என்பதைப் பழகியவர்கள் கைக்கணக்காகச் சொல்வதும் இதை வைத்துத்தான். எஃகுக் கோல் வெப்பநிலை பத்து செல்சியஸ் உயர்ந்தால் மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். கடிகாரம் நாளுக்கு ஐந்து விநாடி பின்தங்கும். ஃபோலியட் காலத்தில் ஐந்து விநாடியை யாரும் கண்டிருக்கவே முடியாது. இப்போது அதுவே முதல் எதிரியானது. கிரஹாம் 1720களின் தொடக்கத்தில் குண்டுக்குப் பதிலாகப் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குடுவையைத் தொங்கவிட்டார்: கோல் கீழ்நோக்கி நீளும்போது, அதைவிடப் பல மடங்கு விரியும் பாதரசம் குடுவைக்குள் மேல்நோக்கி எழும்பி, ஊசலின் எடை மையத்தை அதே உயரத்தில் நிறுத்தும். அதே காலத்தில் ஜான் ஹாரிசன் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றின் நீட்சியை மற்றொன்று கழிக்கும்படி ஊசல் கோல் அமைத்தார்.

ஈர்ப்பின் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் அது கடிகாரத்தின் குற்றமே அல்ல. 1672இல் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போன ழான் ரிஷே, பாரிசில் சரியாக ஓடிய விநாடி ஊசல் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டு, அதைச் சிறிது குட்டையாக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. லண்டனில் சரிசெய்த கடிகாரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும். சரிசெய்ய ஊசலை மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டும். சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் விநாடி ஊசலின் நீளத்தை அளந்தது இந்த வேறுபாட்டைத் துல்லியமாக அறிவதற்காகவே. அந்த ஆய்வகத்தின் ஷெல்டன் ஊசல் கடிகாரம் இன்று கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. ஆடும் கப்பலில் ஊசல் தோற்றதற்கும் இதே காரணம்தான்: அலை தூக்கும்போதும் இறக்கும்போதும் ஊசலுக்குத் தெரியும் ஈர்ப்பே மாறிவிடுகிறது. கடலுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

எடைக்கல்லை வெளியேற்றும் வேலையின் கடைசிக் கட்டம் 1921இல் எடின்பரோ வானாய்வகத்தில் நிறுவப்பட்ட ஷார்ட் கடிகாரம். ரயில்வே பொறியாளரான வில்லியம் ஹாமில்டன் ஷார்ட், ஒரே ஊசலால் நேரம் காக்கவும் சக்கரம் ஓட்டவும் முடியாது என்று முடிவுசெய்து, வேலையை இரண்டு ஊசல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். தலைமை ஊசல், வெப்பத்தில் மிகக் குறைவாகவே நீளும் இன்வார் உலோகக் கோலோடு, காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் தனியே அலையும். சக்கரத்தை அது தொடுவதே இல்லை. எண்ணுவது, முள் நகர்த்துவது எல்லாம் வேறிடத்தில் இருக்கும் துணைக் கடிகாரத்தின் வேலை. 30 விநாடிக்கு ஒருமுறை துணைக் கடிகாரம் ஒரு மின்சமிக்ஞை அனுப்ப, ஒரு சிறு கை விழுந்து தலைமை ஊசலின் மேலுள்ள உருளையில் உருண்டு இறங்கி ஒரு மெல்லிய தள்ளல் கொடுக்கும். அந்தக் கை எப்போதும் ஒரே உயரத்திலிருந்து தன் சொந்த எடையால் விழுவதால், தள்ளலின் அளவு ஒருநாளும் மாறாது. அது எந்தக் கணத்தில் உருண்டு விழுந்து முடிகிறது என்பது ஊசல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே அந்தக் கணமே துணைக் கடிகாரத்தைத் திருத்தும் சமிக்ஞையாகத் திரும்பிப் போகும்.

இந்தக் கடிகாரங்களின் பிழை ஆண்டுக்கு ஒரு விநாடி என்ற அளவில் இருந்தது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் இருந்த ஷார்ட் கடிகாரம் ஒன்றை 1984இல் அணுக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, சந்திரனும் சூரியனும் தலைக்கு மேல் வந்துபோவதால் `g` மாறும் அந்த நுண்ணிய ஏற்ற இறக்கமும் அதன் ஓட்டத்தில் தெரிந்தது.